வியாழன் ஆஃப் கிடைக்குமா?

ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு மாலை என்று ஒன்று கிடையாது. அலுவலகங்கள் ஆறு மணிக்கு மூடும்போதுதான் கடையில் கூட்டம் ஏறத் தொடங்கும். கடைசி வாடிக்கையாளர் போய், விரித்த புடவைகளை மடித்து அடுக்கி முடிக்க ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். கணக்கு மென்பொருள், ஜிஎஸ்டி, ஆங்கிலப் பேச்சு, தையல் என எந்த மாலை வகுப்பாக இருந்தாலும் அது ஆறு மணிக்கு வேலை முடிகிறவர்களை நினைத்துப் போட்ட நேரம். வார இறுதி வகுப்புகளோ சனி, ஞாயிறு வீட்டில் இருப்பவர்களுக்கானவை. கடைக்கு அந்த இரண்டு நாளும் உச்ச வியாபாரம்.

ஆகவே படிக்க விரும்பும் கடை ஊழியருக்குத் தன் கையில் இருக்கும் மாலை வாரத்துக்கு ஒன்றே ஒன்று. அது அவருடைய வார விடுமுறை நாளின் மாலை. 'வீக் ஆஃப்' செவ்வாய்க்கிழமையும் வகுப்பு வியாழக்கிழமையும் என்றால், ஒரே வழி ஆஃபை நகர்த்தச் சொல்லிக் கேட்பதுதான். இது விடுப்பு கேட்பது அல்ல. கூடுதலாக ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. ஆனாலும் பல கடைகளில் விடுப்பைவிட இதைக் கேட்பதுதான் கடினமாக இருக்கிறது. ஒரு நாள் விடுப்பு அன்றோடு முடிந்துபோகும். ஆஃப் மாற்றமோ மூன்று மாதத்துக்கு டூட்டி சார்ட்டையே அசைக்கும்.

இப்படிக் கேட்கும் வாய்ப்பே அண்மைக்காலத்தில்தான் வந்தது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், ஒவ்வொரு கடையும் வாரத்தில் ஒரு நாள் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும் என்றது. எந்த நாள் என்பதைக் கடைக்காரரே அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது. கடை மூடும் நாளே எல்லோருக்கும் விடுமுறை. 'எனக்கு மட்டும் வேறு நாள்' என்று கேட்க அதில் இடமே இல்லை. இன்றைக்கும் முடிதிருத்தும் கடைகளில் இதைப் பார்க்கலாம். பெரும்பாலான ஊர்களில் செவ்வாய்க்கிழமை சலூன் கிடையாது. அங்கே வேலை செய்யும் இளைஞர் வகுப்புக்குப் போக வேண்டுமானால், செவ்வாய்க்கிழமை நடக்கும் வகுப்பாகத் தேட வேண்டும். முதலாளியிடம் கேட்டுப் பயனில்லை.

2019-ஆம் ஆண்டு மே மாதம் தமிழக அரசு வெளியிட்ட ஓர் ஆணை இந்த நிலையை மாற்றியது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகள் ஆண்டு முழுவதும், எல்லா நாளும் திறந்திருக்கலாம் என்றது அந்த ஆணை. மூன்று ஆண்டுக்கு என்று வந்தது, பிறகு நீட்டிக்கப்பட்டது. கடை மூடாது என்றால் ஊழியருக்கு விடுமுறை எப்படி? சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வாரம் ஒரு நாள் கொடுக்க வேண்டும் என்பது அந்த அனுமதியோடு வந்த நிபந்தனை. அன்றன்று விடுமுறையில் இருப்பவர்களின் விவரத்தைக் கடையில் கண்ணில் படும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும் என்பது இன்னொன்று. எல்லோருக்கும் ஒரே நாள் என்பது போய் ஆளுக்கொரு நாள் என்று ஆனதும், நாளை மாற்றிக் கேட்கும் பேச்சும் பிறந்துவிட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வாரம் ஒரு முழு நாள் விடுமுறை என்பது சட்டம் தரும் உரிமை. அதற்காகச் சம்பளத்தில் கை வைக்கவும் கூடாது. ஆனால் அது எந்தக் கிழமை என்பதைத் தீர்மானிப்பது நிர்வாகம். 'படிப்புக்காக நாளை மாற்றித் தர வேண்டும்' என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. விடுமுறையே தராவிட்டால் தொழிலாளர் உதவி ஆய்வரிடம் புகார் கொடுக்கலாம். வியாழனுக்குப் பதில் செவ்வாய் தருகிறார்கள் என்று புகார் கொடுக்க முடியாது. எனவே இந்தக் கோரிக்கை வெற்றி பெறுவது கடையின் ஆள் கணக்கு இடிக்காமல் இருந்தால்தான்.

அந்தக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் புடவைப் பிரிவில் ஏழு பேர். சனி, ஞாயிறு யாருக்கும் ஆஃப் கிடையாது. மீதி ஐந்து நாளில் ஏழு பேரை அடக்க வேண்டும். திங்கள் இரண்டு பேர், செவ்வாய் இரண்டு பேர், புதன், வியாழன், வெள்ளி தலா ஒருவர் என்று சார்ட் இருக்கிறது. செவ்வாய் ஆஃப் போகிற இருவரில் ஒரு பெண், வியாழக்கிழமைகளில் மாலை ஆறிலிருந்து எட்டு வரை நடக்கும் ஜிஎஸ்டி கணக்கு வகுப்பில் சேர நினைக்கிறார். பன்னிரண்டு வாரப் படிப்பு.

அவர் முதலில் போக வேண்டிய இடம் மேனேஜர் அறை இல்லை. ஆஃப் பட்டியல் ஒட்டியிருக்கும் சுவர். வியாழனில் ஒருவர்தான் போகிறார், செவ்வாயில் இருவர் போகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். செவ்வாயிலிருந்து ஓர் ஆளை எடுத்து வியாழனில் வைத்தால் செவ்வாய் ஒன்று, வியாழன் இரண்டு. எந்த நாளிலும் இரண்டு பேருக்கு மேல் குறையவில்லை. யாரோடும் நாள் மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லாத கோரிக்கை இது. ஃப்ளோர் மேனேஜர் மறுப்பதற்குக் காரணம் குறைவு.

இதுவே அவர் திங்கள் கேட்டிருந்தால் அன்று மூன்று பேர் இல்லாமல் போவார்கள். அப்போது திங்கள் ஆஃப் போகிற யாராவது ஒருவர் செவ்வாய்க்கு வரச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை வாங்கிவிட்டுக் கேட்டால் அது ஒரு கதை. வாங்காமல் கேட்டால், 'நீயே யாரையாவது பார்த்துக்கோ' என்ற பதிலோடு பேச்சு முடியும். வெள்ளி கேட்பது இரண்டைவிடவும் சிரமம். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையை விரும்பி வருவார்கள். பட்டுப் பிரிவில் அன்று ஆள் குறைய விடமாட்டார்கள்.

அடுத்தது பலர் யோசிக்காமல் விட்டுப் பிறகு சண்டையில் முடியும் விஷயம்: மாறும் அந்த முதல் வாரம். சட்டத்தின் கணக்கில் வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள். இந்த வாரம் செவ்வாய் ஆஃப் எடுத்த பெண் அடுத்த வாரம் வியாழன் ஆஃப் எடுக்கிறார். இரண்டு வாரத்துக்கும் ஒவ்வொரு விடுமுறை வந்துவிட்டது. ஆனால் நடுவில் புதன் முதல் அடுத்த புதன் வரை எட்டு நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். புடவைப் பிரிவில் எட்டு நாள் நிற்பது என்ன என்பது கால்களுக்குத்தான் தெரியும். கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத் திருத்தம் கொண்டு வந்ததே அந்தக் கால்களுக்காகத்தான். திங்களிலிருந்து வெள்ளிக்கு மாற்றினால் இடைவெளி பத்து நாளாகிவிடும். ஆலைத் தொழிலாளர்களின் விடுமுறையை மாற்றும்போது தொடர் வேலைக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வைத்திருந்த உச்ச வரம்பே பத்து நாள்தான்.

இதைத் தவிர்க்க, முதல் வாரத்திலேயே செவ்வாயும் வியாழனும் எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அப்போது ஒரே வாரத்தில் இரண்டு விடுமுறை. இரண்டாவதை நிர்வாகம் சம்பளமில்லா நாளாகப் போட்டுவிடும். அந்த வியாழனுக்கு ஒரு நாள் தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுப்பதே ஒழுங்கான வழி. ஓராண்டு பணி முடித்தவருக்குக் கடைகள் சட்டம் சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் விடுப்பு தருகிறது. தற்செயல் விடுப்பும் நோய் விடுப்பும் தனி. எட்டு நாள் தொடர்ந்து வேலை செய்வதற்கு மறுப்பில்லை என்றால் விடுப்பே தேவையில்லை. படிப்பு முடிந்து வியாழனிலிருந்து செவ்வாய்க்குத் திரும்பும்போது இடையில் நான்கே வேலை நாள் வரும். போகும்போது எட்டு, திரும்பும்போது நான்கு. வழக்கமான ஆறும் ஆறும்தான் அது. கடைக்கு நட்டமும் இல்லை, ஊழியருக்கு லாபமும் இல்லை. இதை மேனேஜரிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினால் 'டபுள் ஆஃப் வாங்கப் பார்க்கிறாய்' என்ற சந்தேகம் எழாது.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். மாதக் கடைசியில் அடுத்த மாதச் சார்ட் எழுதும் கடைகளில், எழுதி ஒட்டிய பிறகு கேட்டால் ஒருவருக்காக எல்லாவற்றையும் அடித்துத் திருத்த வேண்டும், எரிச்சல்தான் மிஞ்சும். அதற்கு ஒரு வாரம் முன்பு, கூட்டமில்லாத காலைப் பொழுதில் பேசுவது நல்லது. பேச்சு நீளவும் தேவையில்லை.

"அண்ணே, வியாழக்கிழமை சாயங்காலம் ஜிஎஸ்டி கிளாஸ் ஒண்ணு சேரலாம்னு இருக்கேன். பன்னெண்டு வாரம். அதுவரைக்கும் என் செவ்வாய் ஆஃபை வியாழனுக்கு மாத்திக் குடுக்க முடியுமா?"

"வியாழன் ஏற்கனவே ஒருத்தர் போறாங்களேம்மா."

"ஆமாண்ணே. அவங்களோட நானும் போனா ரெண்டு பேர்தான். செவ்வாய் இப்பவே ரெண்டு பேர் போறோம், அதுல ஒண்ணு குறையும்."

"தீபாவளி நேரத்துல என்ன பண்ணுவ?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போகக் கூடாது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் மூன்றும் ஜவுளிக்கடையின் பருவங்கள். தீபாவளிக்கு முந்தைய சில வாரங்களில் பல கடைகளில் யாருக்கும் ஆஃப் கிடையாது. வாரம் ஒரு நாள் என்ற சட்டத்துக்கு இது ஒத்துவராது என்றாலும் நடைமுறை அப்படித்தான் இருக்கிறது. பன்னிரண்டு வாரப் படிப்பில் ஆகஸ்ட் நடுவில் சேர்ந்தால் முடிவது நவம்பர் தொடக்கத்தில். அதாவது பாடத்தின் கடைசிப் பகுதி, தேர்வு எல்லாம் தீபாவளிக் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பாதியில் நிற்பவர்களில் பலர் நிற்பது இங்கேதான். அதே படிப்பில் பிப்ரவரி முதல் வாரம் சேர்ந்தால் ஏப்ரல் இறுதியில் முடிந்துவிடும். திருமணக் கூட்டம் வந்துபோகும், ஆனால் மூன்று பெரும் பருவங்களும் குறுக்கே வராது. எந்த மாதம் சேர்வது என்பதைப் பயிற்சி மையத்தின் தள்ளுபடி விளம்பரம் முடிவு செய்யக் கூடாது. கடையின் பருவம் முடிவு செய்ய வேண்டும்.

வாய்ப்பேச்சில் சரி என்றாலும் ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது. ஏனென்றால் சரி என்று சொன்ன ஃப்ளோர் மேனேஜர் அடுத்த மாதம் வேறு கிளைக்குப் போய்விடலாம். கடிதம் பத்து வரிக்குள் அடங்கும்.

'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, புடவைப் பிரிவில் பணிபுரியும் என் வார விடுமுறை தற்போது செவ்வாய்க்கிழமை. வியாழக்கிழமைகளில் மாலை 6 முதல் 8 மணி வரை நடைபெறும் ஜிஎஸ்டி கணக்குப் பயிற்சியில் சேர உள்ளேன். பயிற்சி பிப்ரவரி முதல் வாரம் தொடங்கி ஏப்ரல் இறுதி வாரம் முடிகிறது. அந்தப் பன்னிரண்டு வாரங்களுக்கு மட்டும் என் விடுமுறையை வியாழக்கிழமைக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மாறும் வாரத்தில் கூடுதல் விடுமுறை எதுவும் கோரவில்லை. பயிற்சி முடிந்ததும் செவ்வாய்க்கிழமைக்கே திரும்பிக்கொள்கிறேன். பயிற்சி மையத்தின் சேர்க்கைச் சீட்டு இணைத்துள்ளேன்.'

இதில் முடியும் தேதி இருப்பது பெரிய பலம். முடிவே தெரியாத மாற்றத்துக்கு எந்த நிர்வாகமும் தயங்கும். நாளை இன்னொருவரும் கேட்பார் என்ற பயமும் உண்டு. கடிதத்தின் நகலில் மேனேஜரிடம் 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டால், அது எதற்கு என்பது மாதக் கடைசியில் புரியும்.

பெரிய கடைகளில் வருகைப் பதிவு கைரேகை எந்திரத்தில். எந்த ஊழியருக்கு எந்த நாள் ஆஃப் என்பது அந்த மென்பொருளில் பதிந்திருக்கும். ஃப்ளோர் மேனேஜர் சுவரில் இருக்கும் சார்ட்டை மாற்றிவிடுவார்; அலுவலகத்தில் கணினிப் பதிவை மாற்றச் சொல்ல மறந்துவிடுவார். விளைவு, வியாழக்கிழமை 'வரவில்லை' என்று விழும். செவ்வாய் வேலை செய்தது விடுமுறை நாளில் வந்ததாகப் பதிவாகி, எந்தக் கணக்கிலும் சேராமல் கிடக்கும். நான்கு வியாழனுக்கு நான்கு நாள் சம்பளம் பிடிபட்ட பிறகுதான் விஷயமே தெரியவரும். ஆஃப் மாறிய முதல் வாரத்திலேயே அலுவலகத்தில் போய்த் தன் பதிவில் வியாழன் விடுமுறை என்று காட்டுகிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டால் இந்த வம்பே இல்லை. கேட்கவில்லை என்றால், முதல் சம்பளச் சீட்டில் வேலை நாள் எண்ணிக்கையை எண்ணிப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். அப்போது கையெழுத்து இட்ட அந்த நகல்தான் சாட்சி.

கடை நடத்தும் விடுதியில் தங்கியிருக்கும் பெண்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. ஆஃப் நாளில் வெளியே போகவும் எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதற்கும் விடுதிக் காப்பாளர் விதி வைத்திருப்பார். எட்டு மணிக்கு முடியும் வகுப்பிலிருந்து பேருந்து பிடித்துத் திரும்ப ஒன்பது ஆகும் என்றால் அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். கடை மேனேஜர் கொடுத்த அனுமதி விடுதி வாசலில் செல்லாமல் போவது உண்டு. இரண்டுக்கும் ஒரே கடிதத்தில் அனுமதி கேட்பது புத்திசாலித்தனம்.

தென்மாவட்டங்களிலிருந்து வந்து சென்னையில் வேலை பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வாராவாரம் ஆஃப் எடுக்காமல் சேர்த்து வைத்து, மாதக் கடைசியில் நான்கு நாளாக ஊருக்குப் போய் வருவார்கள். சட்டம் வாரம் ஒரு நாள் என்று சொன்னாலும், பேருந்துக் கட்டணமும் இரவுப் பயணமும் வேறு கணக்குச் சொல்கின்றன. அப்படிப்பட்டவர் வாராந்திர வகுப்பில் சேர்ந்தால் மூன்று மாதத்துக்கு அம்மாவைப் பார்க்கும் அந்த நான்கு நாளை விட்டுக்கொடுக்க வேண்டும். மேனேஜரிடம் பேசும் முன் வீட்டில் பேச வேண்டிய விஷயம் இது.

ஆஃப் மாற்றம் எல்லா வகுப்புக்கும் மருந்தாகாது. தட்டச்சு மாதிரித் தினம் ஒரு மணி நேரம் பழக வேண்டியதற்கு வாரம் ஒரு மாலை கிடைத்துப் பயனில்லை. பல தட்டச்சுப் பயிலகங்கள் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகின்றன. கடைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் என்பது அங்கே முடியக்கூடியது, நாளை மாற்ற வேண்டியதே இல்லை. வாரம் இரண்டு மாலை நடக்கும் வகுப்புக்கு ஆஃப் மாற்றம் பாதி உதவிதான். இன்னொரு மாலைக்கு முன்கூட்டியே கிளம்ப அனுமதி கேட்க வேண்டும். மாலைக் கூட்ட நேரத்தில் அது அநேகமாகக் கிடைக்காது. திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்புகளின் நேர்முக வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில் வருகின்றன. அதற்காக ஞாயிறு ஆஃப் கேட்பது ஜவுளிக்கடையில் நடவாத காரியம். எந்த வகுப்புக்கு வருகை கட்டாயம் என்று படிப்பு மையத்தில் கேட்டுக்கொண்டு, அந்தச் சில நாளுக்கு மட்டும் விடுப்பு எழுதிக் கொடுப்பதே நடக்கும் வழி.

கடை மறுத்துவிட்டால்? பயிற்சி மையத்திடமும் ஒரு முறை கேட்டுப் பார்க்க வேண்டும். செவ்வாய் மாலையோ செவ்வாய் காலையோ அதே பாடம் நடக்கும் இன்னொரு பேட்ச் இருந்தால் ஆஃபைத் தொடாமலே சேரலாம். மையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. கடைவீதியை ஒட்டிப் பயிற்சி மையம் வைத்திருப்பவர்கள், ஒரே பாடத்தை வாரத்தில் இரண்டு வெவ்வேறு நாளில் நடத்தி, மாணவர் எந்த நாளில் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று விடுங்கள். உங்கள் தெருவிலேயே புடவை மடித்துக்கொண்டிருக்கும் பலர், யாரிடமும் எதையும் மாற்றிக் கேட்காமல் உங்களிடம் வந்து சேர்வார்கள்.